மூன்று மாத விற்பனை அறிக்கையை அரைப் பக்கமாக்குவது எப்படி?

வேர்டில் டைப் செய்யவும், எக்ஸெலில் கூட்டல் போடவும் தெரிந்துகொண்டாயிற்று. கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் கடையிலோ ஆபீஸிலோ அடுத்து உங்கள் தலையில் விழும் வேலை பெரும்பாலும் இதுதான்: "இந்த விற்பனை அறிக்கையைச் சுருக்கி, முதலாளி படிக்கிற மாதிரி அரைப் பக்கத்தில் கொடு."

பலர் என்ன செய்கிறார்கள்? நான்கு பக்க அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு பத்தியையும் இரண்டு வரியாக்குகிறார்கள். அளவு குறைந்துவிடும். ஆனால் அறிக்கையை எழுதியவர் எந்த வரிசையில் கதை சொன்னாரோ அதே வரிசைதான் சுருக்கத்திலும் இருக்கும். முதலில் சூழ்நிலை, பிறகு காரணம், கடைசியில் நடந்தது. முதலாளிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான வரிசை. நடந்தது என்ன, எவ்வளவு என்பது முதலில் வர வேண்டும். ஏன் என்பது அதற்குப் பிறகு.

இதை ஓர் உதாரணத்தோடு செய்து பார்ப்போம். கோவையில் கிரைண்டர், மிக்ஸி, கேஸ் அடுப்பு வாங்கிச் சுற்று வட்டாரக் கடைகளுக்கு சப்ளை செய்யும் ஒரு விநியோகஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என நான்கு பகுதிகள். 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு. எண்கள் நான் பயிற்சிக்காக அமைத்தவை. கணக்குப் போட எளிதாக முழு லட்சங்களில் கொடுத்திருக்கிறேன். விற்பனை மேனேஜர் எழுதிய அறிக்கையின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது:

"ஜூலை மாதத்தில் ஆடி பிறந்ததை முன்னிட்டு மக்கள் பெரிய பொருட்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டதால் விற்பனை சற்று மந்தமாகக் காணப்பட்டது. ஆகஸ்ட் மாதத்திலும் இதே நிலை நீடித்தது. எனினும் நமது விற்பனைப் பிரிவினரின் இடைவிடாத முயற்சியின் காரணமாக செப்டம்பரில் விற்பனை சூடு பிடித்து, காலாண்டின் மொத்த விற்பனை ரூ.93 லட்சத்தை எட்டியது. சென்ற ஆண்டு இதே காலாண்டின் ரூ.84 லட்சத்துடன் ஒப்பிடும்போது இது திருப்திகரமான வளர்ச்சியாகும். கோவை, திருப்பூர் பகுதிகள் சிறப்பாகச் செயல்பட்டன. ஈரோடு பகுதியில் ஆடி மாத மந்தம் மற்றும் போட்டியாளர்களின் விலைக் குறைப்பு காரணமாக எதிர்பார்த்த அளவு விற்பனை அமையவில்லை."

மூன்றாம் பக்கத்தில், பணியாளர் விவரம் என்ற தலைப்பின் கீழ், ஈரோடு பகுதியின் விற்பனைப் பிரதிநிதி ஜூலை 31-ல் விலகினார், புதியவர் செப்டம்பர் 16-ல் சேர்ந்தார் என்று ஒரு வரி. நான்காம் பக்கத்தில் வசூல் விவரம்: 45 நாளைத் தாண்டிய பாக்கி ஜூன் 30-ல் ரூ.5 லட்சமாக இருந்தது, செப்டம்பர் 30-ல் ரூ.9 லட்சமாகிவிட்டது. அதில் ரூ.6 லட்சம் திருப்பூரில் உள்ள இரண்டு கடைகளுடையது. அந்த இரண்டு கடைகளுக்கும் செப்டம்பரிலும் சரக்கு போயிருக்கிறது.

முதலாளி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வைத்துவிடுவார். "திருப்திகரமான வளர்ச்சி" என்பதுதான் மனதில் நிற்கும். அக்டோபர் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும்போது சென்ற ஆண்டைவிடப் பத்து சதவீதம் கூட்டிப் போடச் சொல்வார். அது சரியா, தவறா என்பதை இந்தச் சுருக்கம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை: கலர் அடித்தல்

அறிக்கை ஃபைலைத் திறந்ததும் File மெனுவில் Save As கொடுத்து வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொடவே கூடாது. பிறகு Home டேபில் Text Highlight Color என்ற பட்டனைக் கண்டுபிடியுங்கள். பேனா போன்ற படம் இருக்கும். பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்தால் நிறங்கள் வரும்.

இரண்டே நிறம் போதும். நடந்தது என்ன என்று சொல்லும் இடங்களுக்கு மஞ்சள். ஏன் நடந்தது என்று சொல்லும் இடங்களுக்குப் பச்சை. "ரூ.93 லட்சத்தை எட்டியது" மஞ்சள். "இடைவிடாத முயற்சியின் காரணமாக" பச்சை. "திருப்திகரமான", "சிறப்பாக", "சூடு பிடித்து" போன்றவற்றுக்கு எந்த நிறமும் கிடையாது. அவை நடந்ததும் அல்ல, காரணமும் அல்ல, எழுதியவரின் அபிப்பிராயம்.

நீளமான அறிக்கை என்றால் கண்ணை மட்டும் நம்பாமல் Ctrl+F அழுத்தித் தேடுங்கள். "காரணமாக", "தால்", "முன்னிட்டு" ஆகியவற்றைத் தேடினால் காரணங்கள் அகப்படும். "எனினும்", "ஆனால்" ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். மோசமான செய்திகள் பெரும்பாலும் இந்தச் சொற்களுக்கு முன்போ பின்போ ஒளிந்துகொண்டிருக்கும். பழைய ஃபைலில் இந்தச் சொற்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் கிடைக்கவில்லையா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருக்கலாம். யூனிகோடில் நீங்கள் தேடும் சொல் அதில் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேட வேண்டும்.

கலர் அடித்து முடித்ததும் ஒரு விஷயம் தெரியும். காரணம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பச்சை முன்னே, மஞ்சள் பின்னே நிற்கிறது. இதற்கு மேனேஜரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "மந்தம் காரணமாக விற்பனை குறைந்தது" என்றுதான் எழுத்து இயல்பாக ஓடும். இப்படி எழுதினால் குறைந்தது என்று தெரியும் முன்பே அதற்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. படிப்பவரும் "சரி, ஆடி மாதம்தானே" என்று தாண்டிப் போய்விடுகிறார்.

மருந்து எளிது. வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். "ஈரோட்டில் விற்பனை ரூ.4 லட்சம் குறைந்தது. மேனேஜர் சொல்லும் காரணம் ஆடி மாத மந்தம்." முதல் வாக்கியத்தில் எண்ணும் வினையும் மட்டுமே. காரணம் தனி வாக்கியமாக வந்தவுடன், அது உண்மைதானா என்ற கேள்வி தானாக எழும். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் கோளாறு பற்றிக் குறிப்பு எழுதும்போதும் இதே பழக்கம்தான். என்ன நின்றுபோனது என்பது முதல் வரி. ஏன் என்பது அடுத்த வரி.

எண்களை எக்ஸெலில் போட்டுப் பார்த்தல்

மஞ்சள் அடித்த இடங்களில் பாதிக்கு எண்ணே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். "மந்தமாகக் காணப்பட்டது" என்றால் எவ்வளவு? "எதிர்பார்த்த அளவு அமையவில்லை" என்றால் எவ்வளவு? அறிக்கையோடு வந்த விற்பனைப் பட்டியலில் இருந்து அந்த எண்களை எடுக்க வேண்டும். எக்ஸெலில் A காலத்தில் மாதம், B-ல் 2023, C-ல் 2024 என்று டைப் செய்யுங்கள். முதல் வரிசை தலைப்புக்கு. ஜூலை 26, 24. ஆகஸ்ட் 28, 26. செப்டம்பர் 30, 43. ஐந்தாம் வரிசையில் மொத்தம். B5 செல்லில் இந்தக் கூட்டலைக் கொடுத்து, அதை C5-க்குக் காப்பி செய்துகொள்ளுங்கள்:

```
=SUM(B2:B4)
```

வளர்ச்சி சதவீதத்துக்கு D5 செல்லில் இதைக் கொடுங்கள்:

```
=(C5-B5)/B5
```

Home டேபில் உள்ள % பட்டனைத் தட்டினால் 11% என்று காட்டும். அருகில் உள்ள Increase Decimal பட்டனை ஒருமுறை தட்டினால் 10.7% என்று வரும். இதே சூத்திரத்தை D2, D3, D4 செல்களுக்குக் காப்பி செய்யுங்கள். ஜூலையும் ஆகஸ்டும் சென்ற ஆண்டைவிடக் குறைவு என்பது உடனே தெரியும். இரண்டு மாதமும் சேர்த்து 54 லட்சம் 50 லட்சமாகியிருக்கிறது. செப்டம்பர் மட்டும் ஒரே தாவலாக 30-லிருந்து 43 லட்சம்.

ஆகவே "10.7 சதவீத வளர்ச்சி" என்று மட்டும் சொல்வது பொய்யல்ல, ஆனால் ஆளைத் திசை திருப்பிவிடும். வளர்ச்சி முழுவதும் ஒரே மாதத்தில் வந்தது. மற்ற இரண்டு மாதங்களும் சரிவு. சுருக்கத்தின் முதல் வரியாக வர வேண்டியது இதுதான். மொத்த எண்ணைச் சொல்லும் முன் அதைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

பகுதி வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். கோவை 40-லிருந்து 46. திருப்பூர் 20-லிருந்து 26. ஈரோடு 16-லிருந்து 12. பொள்ளாச்சி 8-லிருந்து 9. கூடுதல் குறைவுகளைக் கூட்டினால் 6, 6, கழித்தல் 4, 1, மொத்தம் 9. மேலே வந்த 93-க்கும் 84-க்கும் உள்ள வித்தியாசமும் 9. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு போகலாம். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் ஓர் ஆண்டின் எண் ஜி.எஸ்.டி. சேர்த்தும் மற்றொன்று சேர்க்காமலும் இருக்கும்; அல்லது திரும்பி வந்த சரக்கை ஒரு பட்டியலில் கழித்து மற்றொன்றில் கழிக்காமல் விட்டிருப்பார்கள்.

காரணங்களை உரசிப் பார்த்தல்

இனி பச்சைப் பகுதிகள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரே கேள்வி: இது சென்ற ஆண்டும் இருந்ததா?

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு ஆண்டும் ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. 2023-லும் ஆடி இருந்தது. ஜூனைவிட ஜூலை ஏன் மந்தம் என்பதற்கு ஆடி காரணமாகலாம். சென்ற ஆண்டின் ஜூலையைவிட இந்த ஆண்டின் ஜூலை ஏன் குறைவு என்பதற்கு ஆடி காரணமாகாது. அந்தக் காரணத்தைச் சுருக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

தீபாவளி அப்படியல்ல. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. அறிக்கை இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. செப்டம்பர் 30-ல் நின்று பார்த்தால், 2023-ல் தீபாவளிக்கு இன்னும் 43 நாள் இருந்தது. 2024-ல் 31 நாள்தான். கடைக்காரர்கள் பண்டிகைக்கு முன்பே சரக்கைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். ஆக 2023-ல் அக்டோபரில் வந்திருக்கும் ஆர்டர்களில் ஒரு பகுதி 2024-ல் செப்டம்பருக்கே வந்திருக்கலாம். அப்படியானால் அது வளர்ச்சி இல்லை, முன்கூட்டி வந்த விற்பனை.

இது யூகம்தான். சோதிக்க முடியுமா? முடியும். பில் பட்டியலில் ஏதாவது ஒரு செல்லைக் கிளிக் செய்து, Data டேபில் Filter கொடுங்கள். தேதிக் காலத்தின் அம்புக்குறியைக் கிளிக் செய்து செப்டம்பர் 16 முதல் 30 வரை உள்ள பில்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொகைக் காலத்தைத் தேர்வு செய்தால் திரையின் அடியில் Sum என்று கூட்டுத்தொகை தெரியும். நம் உதாரணத்தில் 2023 செப்டம்பரின் முதல் பாதி 13 லட்சம், இரண்டாம் பாதி 17 லட்சம். 2024-ல் முதல் பாதி 15, இரண்டாம் பாதி 28. கூடிய 13 லட்சத்தில் 11 லட்சம் மாதத்தின் பின்பாதியில் வந்திருக்கிறது. தீபாவளிக் காரணத்தோடு இது பொருந்துகிறது. "இடைவிடாத முயற்சி" என்றால் முன்பாதியில் ஏன் 2 லட்சம் மட்டுமே கூடியது என்று கேட்க வேண்டியிருக்கும்.

பொருந்துகிறது என்றுதான் சொன்னேன், நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று மாதத்தையும் சேர்த்து இரண்டு ஆண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மையான வளர்ச்சி தெரியும். சுருக்கம் எழுதுவதோ அக்டோபர் முதல் வாரத்தில். அதனால் "இருக்கலாம்" என்ற சொல்லைத் துணிந்து போடுங்கள். யூகத்தை உண்மை போல எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஈரோட்டுக்கு வருவோம். மாத வாரியாக எடுத்தால் 2023-ல் 5, 5, 6 லட்சம். 2024-ல் 5, 3, 4 லட்சம். ஜூலையில் குறையவே இல்லை. ஆகஸ்டில்தான் விழுந்திருக்கிறது. பிரதிநிதி விலகியது ஜூலை 31. மேனேஜர் மூன்றாம் பக்கத்தில் பணியாளர் விவரமாக எழுதிய வரிக்கும் முதல் பக்கத்தில் எழுதிய சரிவுக்கும் தொடர்பு இருப்பது தேதிகளை அருகருகே வைத்தால்தான் தெரிகிறது. போட்டியாளர் விலைக் குறைப்புக்கு அறிக்கையில் ஓர் எண்கூட இல்லை. அதைத் தள்ளிவிடவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். "மேனேஜர் கருத்து" என்று பெயர் போட்டு வையுங்கள்.

இன்னொரு சிறு லாபம். ஆகஸ்டில் மொத்தம் குறைந்த 2 லட்சமும் ஈரோட்டில்தான். மற்ற பகுதிகள் சேர்ந்து சென்ற ஆண்டு அளவிலேயே இருந்திருக்கின்றன. "ஆகஸ்டிலும் இதே நிலை நீடித்தது" என்ற பொதுவான வரி இங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது.

எழுதுதல்

புதிய ஃபைல் திறந்து கீழே உள்ளதுபோல் டைப் செய்யுங்கள். அறிக்கையிலிருந்து காப்பி செய்து ஒட்ட வேண்டாம். ஒட்டினால் பழைய வாக்கிய வரிசையும் கூடவே வந்துவிடும்.

"காலாண்டுச் சுருக்கம்: 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரை

நடந்தது:
1. விற்பனை ரூ.93 லட்சம். சென்ற ஆண்டு ரூ.84 லட்சம். ரூ.9 லட்சம் கூடியது, 10.7 சதவீதம். கூடியது முழுவதும் செப்டம்பரில். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் சேர்த்து ரூ.4 லட்சம் குறைந்தது.
2. ஈரோட்டில் விற்பனை ரூ.16 லட்சத்திலிருந்து ரூ.12 லட்சமாகக் குறைந்தது. மற்ற மூன்று பகுதிகளும் கூடின.
3. 45 நாளைத் தாண்டிய பாக்கி ரூ.5 லட்சத்திலிருந்து ரூ.9 லட்சமாகியது. இதில் ரூ.6 லட்சம் திருப்பூரின் இரண்டு கடைகளுடையது. அவற்றுக்குச் செப்டம்பரிலும் சரக்கு போயிருக்கிறது.

ஏன்:
1. தீபாவளி இந்த ஆண்டு 12 நாள் முன்னதாக வருவதால் அக்டோபர் ஆர்டர்கள் செப்டம்பருக்கு நகர்ந்திருக்கலாம். செப்டம்பரில் கூடிய ரூ.13 லட்சத்தில் ரூ.11 லட்சம் பின்பாதியில் வந்தது. ஜூலையில் குறைந்ததற்குக் காரணம் தெரியவில்லை.
2. ஈரோட்டில் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 15 வரை பிரதிநிதி இல்லை. சரிவு ஆகஸ்டில் தொடங்கியது. போட்டியாளர் விலைக் குறைப்பும் உண்டு என்பது மேனேஜர் கருத்து.
3. பாக்கி ஏன் கூடியது என்பதற்கு அறிக்கையில் விளக்கம் இல்லை.

தாங்கள் முடிவு செய்ய வேண்டியவை: அக்டோபர் ஆர்டரை 10 சதவீத வளர்ச்சி என்று கணக்கிட்டுக் கூட்டுவதா? திருப்பூரின் இரண்டு கடைகளுக்கும் பாக்கி வரும்வரை சரக்கை நிறுத்துவதா?"

"நடந்தது" பகுதியில் "தால்", "காரணமாக" போன்ற எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள். டைப் செய்து முடித்ததும் Ctrl+F போட்டு அந்தப் பகுதியில் இவை இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அகப்பட்டால் அந்த வாக்கியத்தை வெட்டிக் கீழே இறக்குங்கள். வேர்டில் ஒரு பத்தியை நகர்த்த, கர்சரை அதில் வைத்து Alt+Shift அழுத்தியபடி மேல் அல்லது கீழ் அம்புக்குறியைத் தட்டினால் போதும். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு Ctrl+Alt உடன் அம்புக்குறி.

சதவீதத்தை மட்டும் எழுதாமல் ரூபாயையும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஈரோட்டில் 25 சதவீதம் சரிவு, பொள்ளாச்சியில் 12.5 சதவீதம் உயர்வு என்று எழுதினால் ஈரோட்டின் இழப்பில் பாதியைப் பொள்ளாச்சி ஈடுகட்டிவிட்டது போலத் தோன்றும். ரூபாயில் பார்த்தால் போனது 4 லட்சம், வந்தது 1 லட்சம்.

மேனேஜரிடம் காட்டாமல் இதை மேலே அனுப்பாதீர்கள். அவர் எழுதாத தீபாவளிக் காரணத்தை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள், அவர் எழுதிய ஆடியை எடுத்திருக்கிறீர்கள். "சார், இந்தத் தேதிகளைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பட்டியலோடு போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சில நேரம் உங்களுக்குத் தெரியாத ஒரு விவரமும் கிடைக்கும். உதாரணமாக, ஜூலையில் குறைந்த அந்த 2 லட்சம் எங்கே போனது என்பது.

அனுப்பும்போது வேர்டு ஃபைலாக அனுப்பாமல் Save As-ல் PDF தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். முதலாளி செல்போனில் திறந்தாலும் எழுத்து கலையாமல் இருக்கும். முழு அறிக்கையையும் கூடவே இணைத்து, மூன்று விஷயங்களுக்கும் நேராகப் பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள். ஈரோடு பிரதிநிதி பற்றி அவர் கேட்டால் மூன்றாம் பக்கத்தை உடனே எடுத்துக் காட்டலாம்.